சூட்டுத் தட்டும் ஒரு Q-வும்: பி.ஐ.டி. திருகலில் இருந்து கன்வெக்ஸ் தேடலுக்கு

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் சிப் சோதனை லைன்களில் வேலை பார்ப்பவர்களுக்குச் சூட்டுத் தட்டு தெரிந்திருக்கும். அடியில் ஹீட்டர், மேலே அலுமினியத் தட்டு, உள்ளே ஒரு சென்சார். சிப்பை 85 டிகிரியில் வைத்துச் சோதிப்பார்கள், பிறகு 95-க்கு ஏற்றுவார்கள். இப்படி ஒரு தட்டின் வெப்பக் கட்டுப்பாடு என் தலையில் விழுந்தது. கேட்டவை மூன்று. 10 டிகிரி ஏற்றும்போது சட்டென்று ஏற வேண்டும், இலக்கைத் தாண்டக் கூடாது. காற்று ஊதும் ஃபேன் ஓடத் தொடங்கினால் சூடு சீக்கிரம் மீள வேண்டும். சென்சாரை மாற்றினாலும் ஆட்டம் காணக் கூடாது. மூன்றும் ஒன்றாக நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே, பி.ஐ.டி. என்ற வழக்கமான கன்ட்ரோலரின் மூன்று எண்களை ஷிப்ட் ஷிப்டாகத் திருகிக்கொண்டிருந்தோம். ஒன்று சரியானால் மற்றொன்று கெடும். லைன் நிற்கும், ஓவர்டைம் ஏறும், சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். "அண்ணே, இது முடியாத காரியமா, இல்ல நமக்கு நம்பர் கிடைக்கலையா?" என்று டெக்னீஷியன் தம்பி கேட்டான். பி.ஐ.டி. திருகலில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அதற்குப் பதில் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஷிப்டுகள் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தட்டின் எண்கள். அறை 25 டிகிரி. 85-இல் நிறுத்த ஹீட்டர் 40 விழுக்காடு ஓட வேண்டும், அதாவது ஒரு விழுக்காட்டுக்கு 1.5 டிகிரி. பவரை 40-இலிருந்து 45-க்குத் தூக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், முதல் 6 விநாடி சென்சாரில் அசைவே இருக்காது. பிறகு ஏறத் தொடங்கி, மொத்த ஏற்றமான 7.5 டிகிரியில் 63 விழுக்காட்டை அடுத்த 40 விநாடியில் தொடும். ஆக, தாமதம் 6 விநாடி, நேர மாறிலி 40 விநாடி. கன்ட்ரோலர் 2 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறது. அந்த அளவில் a = exp(-0.05) = 0.9512, b = 1.5(1-a) = 0.0732, பிளான்ட், அதாவது நாம் கட்டுப்படுத்தும் தட்டு, P = b z⁻⁴/(1 - a z⁻¹). இதில் z⁻¹ என்பது ஒரு படித் தாமதம். நான்கு படித் தாமதத்தில் மூன்று உண்மையான தாமதம், ஒன்று கணக்கும் பவரும் மாறிமாறி நடப்பதால் வருவது. இந்தச் சோதனையை லூப்பைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். மூடிய லூப்பில் எடுத்த பதிவிலிருந்து தாமதத்தைப் படிக்கப் போனால் பழைய கன்ட்ரோலரின் குணமும் அதில் கலந்து வந்துவிடும்.

இனி அடிப்படை. தட்டு தானாகவே நிலையானது. ஹீட்டரை எந்த எண்ணில் விட்டாலும் ஏதோ ஒரு சூட்டில் போய் நின்றுவிடும். நமக்குச் சாதகமான விஷயம் இதுதான். கன்ட்ரோலர் C, சென்சார் காட்டும் சூடு y என்றால், வழக்கமான லூப்பில் u = C(r - y). இதில் இலக்கு r-இலிருந்து பவர் u வரைக்குமான மூடிய லூப் உறவை Q என்று வைத்துக்கொள்வோம்: Q = C/(1+PC). C லூப்பை நிலையாக வைத்தால் இந்த Q நிலையானதாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது மூடிய லூப்பின் உறவுகளில் ஒன்று. திருப்பிப் போட்டால் C = Q/(1-PQ). ஏதோ ஒரு நிலையான Q-வை எடுத்து இப்படி C செய்தால் லூப் நிலையாக இருக்குமா? பார்க்க வேண்டிய உறவுகள் நான்கே: PQ, 1-PQ, Q, P(1-PQ). P-யும் நிலையானது, Q-வும் நிலையானது. நான்கிலும் பெருக்கலும் கூட்டலும்தான் இருக்கின்றன, வகுத்தல் எங்குமே இல்லை. ஆகவே நான்கும் நிலையானவை. பிளான்ட்டில் குறைந்தது ஒரு படித் தாமதம் இருப்பதால் 1-PQ-ஆல் வகுத்து C-யை எடுப்பதிலும் சிக்கல் வராது. நிரூபணம் இவ்வளவுதான். லூப்பை நிலைநிறுத்தும் எல்லா C-க்களும் ஒரு பக்கம், எல்லா நிலையான Q-க்களும் மறுபக்கம், ஒன்றுக்கு ஒன்று. பிளான்ட் நிலையற்றதாக இருந்தாலும் செல்லும்படி இதை 1970-களில் யூலா, ஜாபர், போஞ்சியோர்னோ ஆகியோரும் தனியே குச்செராவும் விரித்தார்கள். நிலையான பிளான்ட்டுக்கு அந்த விரிவான இயந்திரம் தேவையே இல்லை, மேலே சொன்ன பள்ளிக்கூட இயற்கணிதம் போதும்.

இதனால் என்ன லாபம் என்றால், நான்கு உறவுகளிலும் Q ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் முதல் படியில். C-யில் எழுதினால் 1/(1+PC) என்று கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். Q-வில் எழுதினால் நேர்கோடு. ஒரு Q எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றுகிறது, வேறொரு Q-வும் நிறைவேற்றுகிறது என்றால், இரண்டின் சராசரியும் நிறைவேற்றும். "இலக்கை 2 விழுக்காட்டுக்கு மேல் தாண்டாதே", "பவர் இந்த எல்லைக்குள் இரு", "இந்த அலைவெண்ணில் லூப்பின் வீச்சு இதற்கு மேல் போகாதே" எல்லாமே இந்த வகை நிபந்தனைகள். இப்படிச் சராசரியும் உள்ளேயே இருப்பதால் அந்த Q-க்களின் கூட்டம் கன்வெக்ஸ். உள்ளூர்ப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் பயம் கிடையாது. கணினி தீர்வு கொடுத்தால் அது சிறந்த தீர்வு. "இல்லை" என்று சொன்னால் உண்மையிலேயே இல்லை. (அந்த "இல்லை"-யில் ஒரு பிடி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.) பி.ஐ.டி.யின் மூன்று எண்களுக்கு இந்தக் குணம் கிடையாது. நல்ல எண்கள் இருக்கும் பகுதி வளைந்து நெளிந்து கிடக்கும், அதன் ஓரம் எங்கே என்று திருகித் திருகிக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லா நிலையான Q-வையும் கணினிக்குக் கொடுக்க முடியாது, முடிவிலா நீளம். அதனால் Q-வைச் சில எண்களின் வரிசையாக வெட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தட்டுக்கு ஒரு வசதியான வழி உண்டு. Q = t(z)(1 - a z⁻¹)/b என்று எழுதிக்கொண்டால் PQ = z⁻⁴ t(z) ஆகிவிடும். t₀, t₁, t₂… என்ற எண்களை அடுத்தடுத்துக் கூட்டிக்கொண்டே போனால் வருவதுதான் இலக்குக்கு ஏறும் வெப்பக் கோடு, நான்கு படி தள்ளி. பிளான்ட்டின் மெதுவான துருவத்தை, அதாவது கீழே இருக்கும் 1 - a z⁻¹-ஐ, Q வெட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், நிலையான துருவத்தை வெட்டுவதால் லூப் உடையாது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு, அது ஃபேன் விஷயத்தில் வெளியே வரும்.

கணினிக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தீர்வைக் கையாலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. 85-இல் 40 விழுக்காடு ஓடுகிறது என்றால் மேலே 60 மிச்சம், கீழே 40 மிச்சம். 10 டிகிரி ஏற்றத்துக்கு இதை ஒரு டிகிரி கணக்கில் பிரித்தால் u ≤ 6, u ≥ -4. முழு வேகத்தில் போனால் முதல் அடியில் 6 × 0.0732 = 0.439, இரண்டாவதில் மொத்தம் 0.857, மூன்றாவதில் பவரை 2.53-க்குக் குறைத்தால் சரியாக 1. அதாவது t = (0.439, 0.418, 0.143). நான்கு படித் தாமதத்தோடு சேர்த்து 12-ஆம் விநாடியில் 10 டிகிரி ஏறி நின்றுவிடுகிறது, தாண்டல் துளியும் இல்லை. இந்த ஹீட்டரை வைத்து இதைவிட வேகமாக யாராலும் ஏற்ற முடியாது. கேட்டவர் 8 விநாடி வேண்டும் என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது.

திரையில் அழகாக இருக்கும் இந்த எண்கள்தான் லைனில் கையைச் சுடும். பழைய சென்சாரை எடுத்துவிட்டுத் தடித்த உறை போட்ட சென்சாரைப் பொருத்தினால் தாமதம் 6-இலிருந்து 10 விநாடியாகப் போகலாம், அதாவது இரண்டு படி கூடுதல். கன்ட்ரோலர் நினைத்திருக்கும் பிளான்ட்டும் உண்மையான பிளான்ட்டும் வேறுபட்டால், லூப்பின் கதியை 1 + T(z⁻² - 1) என்ற கோவை முடிவு செய்யும். இங்கே T = PQ. T(z⁻² - 1)-இன் கட்டம் -180-ஐத் தொடும் இடத்தில் அதன் அளவு 1-ஐத் தாண்டக் கூடாது. மேலே போட்ட மூன்று எண்களுக்குச் சிக்கல் வரும் இடம் ஒரு படிக்கு சுமார் 80 பாகை, அளவு சுமார் 1.17. லூப் நிலையற்றது. தட்டு ஆடத் தொடங்கும், ஆட்டம் வளர்ந்து ஹீட்டர் எல்லையைத் தொட்டு அங்கேயே அடித்துக்கொண்டிருக்கும். இதை அடையாளம் காண எளிய வழி ஆட்டத்தின் காலம். 360-ஐ 80-ஆல் வகுத்தால் நாலரைப் படி, அதாவது ஏறக்குறைய 9 விநாடிக்கு ஓர் ஆட்டம். 40 விநாடி நேர மாறிலி உள்ள தட்டு 9 விநாடிக்கு ஒருமுறை ஆடினால் ஹீட்டரையோ ரிலேயையோ கழற்றிப் பார்க்க வேண்டாம். தாமதத்தைத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பையும் கன்வெக்ஸ் நிபந்தனையாகவே எழுதலாம். இரண்டு படி வரை எந்தக் கூடுதல் தாமதம் வந்தாலும் தாங்க வேண்டும் என்றால், |z⁻ᵈ - 1| எவ்வளவு பெரிதாகலாம் என்று பாருங்கள். ω ஒரு படிக்கு 90 பாகைக்குள் இருந்தால் அது 2 sin ω, அதற்கு மேல் 2. இதை l(ω) என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அலைவெண்ணிலும் l(ω)|T| ≤ 0.7 என்று கேட்கிறோம். 1 என்று கேட்டாலே நிலைத்தன்மை உறுதி, 0.7 கொஞ்சம் இடைவெளி வைப்பதற்கு. இதற்கும் கையாலேயே ஒரு தீர்வு இருக்கிறது: ஆறு எண்கள், ஒவ்வொன்றும் 1/6. அப்படிப் போட்டால் l(ω)|T| சுருங்கி (2/3)|sin 3ω| cos(ω/2) ஆகிறது, எங்கேயும் 0.667-ஐத் தாண்டாது. 90 பாகைக்கு மேலே அதைவிடவும் சிறியது. பவர் 2.83-க்கு மேல் போகவில்லை. ஏறி முடிய 18 விநாடி. சென்சார் எதுவானாலும் தாங்க வேண்டும் என்பதற்கு நாம் கொடுத்த விலை 12-க்கும் 18-க்கும் இடையில் உள்ள அந்த 6 விநாடி. கணினி இதைவிட நல்லதைக் கண்டுபிடிக்கலாம், மோசமானதைக் கொடுக்க முடியாது. ஆகவே கணினியின் விடை இந்தக் கைக்கணக்கை விட மோசமாக வந்தாலோ, "தீர்வு இல்லை" என்று வந்தாலோ, பிழை நீங்கள் எழுதிய வரிகளில்தான் இருக்கிறது. கைத்தீர்வை மூலையில் வைத்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

பைதானில் cvxpy நூலகத்தை வைத்து எழுதினால் இவ்வளவுதான் வரும்:

```python
import numpy as np, cvxpy as cp
a = np.exp(-0.05); b = 1.5*(1 - a); N = 40
t = cp.Variable(N)
y = cp.cumsum(t)
u = cp.hstack([y[0:1], y[1:] - a*y[:-1]]) / b
w = np.linspace(0.01, np.pi, 300)
E = np.exp(-1j*np.outer(w, np.arange(N)))
l = np.where(w < np.pi/2, 2*np.sin(w), 2.0)
con = [cp.sum(t) == 1, u <= 6, u >= -4, y <= 1.02,
       cp.multiply(l, cp.abs(E @ t)) <= 0.7]
prob = cp.Problem(cp.Minimize(cp.norm1(1 - y)), con)
prob.solve(); print(prob.status)
```

cp.sum(t) == 1 என்ற வரி மிக முக்கியம். அதுதான் P(1)Q(1) = 1, அதாவது நிரந்தரப் பிழை சுழியம். பி.ஐ.டி.யில் பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் ஐ பகுதி செய்யும் வேலையை இங்கே ஒரே ஒரு சமன்பாடு செய்துவிடுகிறது. அலைவெண் கட்டங்கள் 300 போட்டிருக்கிறேன். 40 எண்கள் உள்ள t-யின் வளைவுக்கு அது தாராளம். எண்களைக் கூட்டினால் கட்டங்களையும் கூட்டுங்கள். தீர்வு வந்த பிறகு பத்து மடங்கு நெருக்கமான கட்டத்தில் ஒருமுறை சரிபாருங்கள், இரண்டு கட்டங்களுக்கு நடுவில் 0.7-ஐத் தாண்டி எட்டிப் பார்க்கும் முனைகள் இருக்கலாம். தீர்வுக்குப் பிறகு con[4].dual_value போன்றவற்றைப் பார்க்கும் பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். சுழியமாக இருக்கும் நிபந்தனை உங்களைத் தடுக்கவில்லை, பெரிதாக இருப்பதுதான் தடுக்கிறது. ஹீட்டரைப் பெரிதாக்கினால் வேகம் கூடுமா, சென்சாரை மாற்றினால் கூடுமா என்று மேனேஜர் கேட்கும்போது கை காட்ட அந்த எண்கள் உதவும்.

இப்போது ஃபேன். இந்த முறையில் புதிதாக இறங்குபவர்கள் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஃபேன் ஓடத் தொடங்குவது 8 விழுக்காட்டுப் பவரைப் பறித்துக்கொண்டதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் இல்லாவிட்டால் 12 டிகிரி இறங்கும். ஆறு 1/6-களைப் போட்ட கன்ட்ரோலரோடு கணக்குப் பார்த்தால் 22-ஆம் விநாடியில் 3.03 டிகிரி இறக்கம், 26-இல் 2.83. அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு 40 விநாடி நேர மாறிலியோடு சோம்பலாக மேலே வருகிறது. 0.1 டிகிரிக்குள் வர இன்னும் 134 விநாடி. இலக்கு மாற்றத்தை 18 விநாடியில் முடிக்கும் அதே லூப், ஃபேனுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. காரணம் மேலே சொன்ன வெட்டல்தான். இலக்கின் பாதையில் PQ, அதில் மெதுவான துருவம் வெட்டுப்பட்டுவிட்டது. ஆனால் ஃபேனின் பாதை P(1-PQ). அங்கே அந்த முன்னணி P வெட்டுப்படாமல் அப்படியே நிற்கிறது. இலக்கு மாற்றத்தின் படத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இது கண்ணில் படாது. மிஷின் லைனுக்குப் போன பிறகு "ஏறும்போது நல்லாத்தான் இருக்கு, ஃபேன் போட்டா இழுக்குது" என்று புகார் வரும். நிறைய பேர் அப்போது சென்சாரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

மெதுவாக இழுக்கும் அந்த வாலை முழுக்க அறுக்க 1-PQ அதே துருவத்தில் சுழியமாக வேண்டும். t-யில் எழுதினால் Σ tₖ a⁻ᵏ = a⁴. இதுவும் ஒரே ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு, கோடில் ஒரு வரி:

```python
con.append((a**(-np.arange(N))) @ t == a**4)
```

இதை prob வரிக்கு முன்னால் சேர்த்து ஓட்டினால் கணினி infeasible, அதாவது தீர்வு இல்லை, என்று சொல்லும். இங்கே பதறி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கினால் இன்னொரு திருகல் காலம் ஆரம்பமாகிவிடும். கொஞ்சம் நின்று கணக்குப் பாருங்கள். t-க்களின் கூட்டுத்தொகை 1. a⁻ᵏ எல்லாமே 1 அல்லது அதற்கு மேல். a⁴ = 0.8187. 1-க்கு மேற்பட்ட எடைகளைப் போட்டு 1-ஐ விடக் குறைந்த தொகை வர வேண்டும் என்றால் சில t-க்கள் எதிர்மமாக இருந்தே ஆக வேண்டும். இதை y-க்கு மாற்றி எழுதினால் Σ (yₖ - 1)(a⁻⁽ᵏ⁺¹⁾ - a⁻ᵏ) = 0.1813. இடது பக்க எடைகள் எல்லாம் நேர்மம், ஆகவே y எங்காவது 1-ஐத் தாண்டியே தீர வேண்டும். வாலை முழுக்க அறுப்பதும் தாண்டலே இல்லாமல் ஏறுவதும் ஒரே Q-வில் சேராது. எந்த அல்காரிதமும் இதை மாற்ற முடியாது.

எவ்வளவு தாண்டினால் எவ்வளவு நேரம் என்பதும் இந்தச் சமன்பாட்டிலிருந்தே வருகிறது. m அளவு தாண்டலை K படிக்கு வைத்திருந்தால் m(a⁻ᴷ - 1) = 0.1813. 20 விழுக்காடு தாண்ட விட்டால் 13 படி, 26 விநாடி. 10 விழுக்காடு என்றால் 21 படி, 42 விநாடி. 2 விழுக்காடு என்றால் 47 படி, 94 விநாடி. நாம் N = 40 என்று வைத்திருந்தோம். 2 விழுக்காட்டுக்குக் குறைந்தது 48 எண்கள் வேண்டும், பவர் எல்லையும் சேர்ந்தால் இன்னும் கூட. முன்னால் சொன்ன பிடி இதுதான்: கணினி சொன்ன "இல்லை" என்பது "40 எண்களுக்குள் இல்லை" என்று பொருள்படும். infeasible வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை N-ஐ இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுவது. N-ஐ எவ்வளவு கூட்டினாலும் பதில் மாறவில்லை என்றால்தான் சுவர் உண்மையான சுவர்.

இதிலிருந்து வெளியே வரும் வழி இரண்டு Q வைத்துக்கொள்வது. இலக்கின் பாதைக்கு Qr, சென்சார் பாதைக்கு Q. பிளான்ட் நிலையானது என்பதால் Qr எந்த நிலையான வடிவமாகவும் இருக்கலாம், லூப்பின் நிலைத்தன்மையை அது தொடாது. பவர் எல்லையும் 2 விழுக்காட்டு நிபந்தனையும் Qr-க்குப் போய்விடும். மேலே கையால் போட்ட 12 விநாடி எண்களையே Qr-க்கு வைத்துக்கொள்ளலாம். சென்சார் மாறினால் என்ன ஆகும் என்ற l(ω) நிபந்தனை Q-வோடு நிற்கும். Q-வின் குறிக்கோளாக ஃபேனின் பாதிப்பையே நேரடியாகக் கொடுங்கள்:

```python
H = 120; k = np.arange(H)
sp = np.where(k >= 4, 1.5*(1 - a**(k - 3.0)), 0)
D = np.array([[sp[i-j-4] if i-j-4 >= 0 else 0
               for j in range(N)] for i in range(H)])
dist = 8*(sp - D @ t)
con2 = [cp.sum(t) == 1,
        cp.multiply(l, cp.abs(E @ t)) <= 0.7]
prob2 = cp.Problem(cp.Minimize(cp.norm1(dist)), con2)
prob2.solve()
```

வாலை முழுக்க அறு என்று சமன்பாடாகக் கட்டாயப்படுத்துவதை விட, மொத்த விலகலைக் குறை என்று விட்டுவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. எவ்வளவு அறுத்தால் போதும் என்று கணினியே 0.7-ஐயும் பார்த்து முடிவு செய்துகொள்ளும். சென்சார் எண்கள் துள்ளினால் Q-வின் குணகங்களுக்கும் ஒரு மேல்வரம்பு போடுங்கள். Q-வின் முதல் குணகம் t₀/b. அது 6 என்றால் சென்சாரில் 0.1 டிகிரித் துள்ளல் ஹீட்டரில் 0.6 விழுக்காட்டுத் துள்ளல் ஆகும்.

இங்கே ஒரு கீழ் எல்லையைச் சொல்லியாக வேண்டும், பேரம் பேசும்போது மிகவும் உதவியது அதுதான். ஃபேன் ஓடிய நான்காவது படியில்தான் சென்சாருக்கே சேதி தெரிகிறது. உடனே பவரைத் தூக்கினாலும் அது சென்சாரில் தெரிய இன்னும் நான்கு படி. ஆகவே ஏழாவது படி வரை, அதாவது 14-ஆம் விநாடி வரை, எந்தக் கன்ட்ரோலரும் எதுவும் செய்ய முடியாது. அதற்குள் இறங்கியிருப்பது 12(1 - a⁴) = 2.18 டிகிரி. ஆறு 1/6-களின் 3.03-ஐ எவ்வளவு திறமையாகக் குறைத்தாலும் 2.18-க்குக் கீழே போகாது. "ஒரு டிகிரிக்கு மேல் இறங்கவே கூடாது" என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். அதை லூப்பால் தர முடியாது. ஃபேன் சுவிட்சிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கன்ட்ரோலருக்குக் கொடுத்து, ஃபேன் தொடங்கும்போதே 8 விழுக்காட்டைக் கூட்டிவிட வேண்டும், அல்லது சென்சாரை ஹீட்டருக்குக் கிட்டே நகர்த்தித் தாமதத்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் திருகலால் வருவதில்லை.

பி.எல்.சி.யில் எழுதும்போது C = Q/(1-PQ) என்று வகுத்துப் பெரிய கன்ட்ரோலராகச் செய்ய வேண்டாம். பிளான்ட்டின் மாதிரியையே உள்ளே ஓட விடுங்கள். ŷ = a ŷ(முந்தையது) + b u(நான்கு படி முந்தையது), பிறகு u = Qr·r - Q·(y - ŷ). மாதிரிக்குக் கொடுக்கும் u ஹீட்டருக்கு உண்மையில் போன u-வாக இருக்க வேண்டும், 0-க்கும் 100-க்கும் நடுவில் வெட்டிய பிறகு. வெட்டுவதற்கு முந்தைய u-வைக் கொடுத்தால் மாதிரி ஒரு கற்பனைத் தட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கும், பவர் எல்லையிலிருந்து இறங்கியதும் y-க்கும் ŷ-க்கும் பெரிய இடைவெளி தெரிந்து லூப் தேவையில்லாமல் எதிர்ப்பக்கம் பாயும். பழைய பி.ஐ.டி.யில் ஐ நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாய்ச்சல் பழக்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, குணகங்களை மூன்று தசமத்துக்கு வெட்டித் தட்டச்சு செய்வது. Q-வின் கூட்டுத்தொகை 1/1.5 = 0.6667-ஆக இருக்க வேண்டும். நாற்பத்தோரு எண்களைத் தனித்தனியாக வெட்டும்போது கூட்டுத்தொகை அரை விழுக்காடு நகர்ந்துவிட்டால், அறைச் சூட்டிலிருந்து 60 டிகிரி மேலே இருக்கும் தட்டில் 0.3 டிகிரி நிரந்தரப் பிழை நிற்கும். லூப் முழுக்க அமைதியாக இருக்கும், ஆட்டம் எதுவும் இருக்காது, ஆனால் எண் மட்டும் பொருந்தாது. சென்சாரை அளவு திருத்த அனுப்புவதற்கு முன் குணகங்களைக் கூட்டிப் பாருங்கள். வெட்டிய பிறகு மிச்சத்தைக் கடைசிக் குணகத்தில் போட்டுவிட்டால் சரியாகிவிடும். Qr-க்கும் அதே கூட்டுத்தொகை வேண்டும். கூட்டுத்தொகை பொருந்த வேண்டியது உள்ளே ஓடும் மாதிரியின் 1.5-உடன்தான். உண்மையான தட்டு 1.6 ஆனாலும் 1.4 ஆனாலும் லூப் நிலையாக இருக்கும் வரை நிரந்தரப் பிழை சுழியமாகவே இருக்கும்.

கேட்பவர் "பி.ஐ.டி. பெட்டிதான் இருக்கு, அதுக்குள்ளயே முடிச்சுக் குடுங்க" என்றால் இந்த வழி நேரடியாக உதவாது. C-யின் வடிவத்தைக் கட்டிப்போட்டவுடன் Q-க்களின் கூட்டம் கன்வெக்ஸாக இருப்பது நின்றுவிடுகிறது. அப்போதும் ஒரு பயன் உண்டு. Q தேடலில் வரும் விடை எல்லாக் கன்ட்ரோலர்களுக்குமான எல்லை. உங்கள் பி.ஐ.டி. அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால் திருகுவதை நிறுத்திவிடலாம், வெகு தூரத்தில் இருந்தால் பெட்டியை மாற்றக் காசு கேட்கக் காரணம் கையில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மட்டம் மாதிரி தானாக நிற்காத பிளான்ட்டுக்கு இங்கே சொன்ன எதையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அங்கே P(1-PQ)-இல் இருக்கும் P நிலையற்றது, உள்ளே ஓடும் மாதிரியும் சிறு பிழையைச் சேர்த்துச் சேர்த்து எங்கோ போய்விடும். முதலில் ஒரு எளிய லூப்பைப் போட்டு மட்டத்தை நிலைநிறுத்தி, அந்த நிலையான லூப்பையே புதிய P-யாக வைத்துக்கொண்டு மேலே Q-வைத் தேடுங்கள்.